பண்டிகைக்கு 12 வாரம் முன்பே பின்ட்ரெஸ்ட்டில் பின் ஏற்றிய ஓர் இணையக் கடை: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அச்சிட்டு வெட்டி ஒட்டக்கூடிய வாழ்த்து அட்டைகளையும் சுவர் அலங்கார வடிவங்களையும் கோப்புகளாக விற்கும் ஒரு சிறிய இணையக் கடையை இருவர் நடத்தி வந்தனர். ஒருவர் வடிவமைப்பாளர். மற்றவர் கணக்கு, வாடிக்கையாளர் கேள்விகள், படங்களை வெளியிடும் வேலை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டார். படங்களைத் தேடிச் சேமித்து வைக்க உதவும் பின்ட்ரெஸ்ட் தளத்தில் அவர்களுக்கு ஒரு வணிகக் கணக்கு இருந்தது. அங்கே ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் பின் என்று பெயர், பின்களைத் தொகுத்து வைக்கும் இடத்துக்குப் போர்டு என்று பெயர். ஆனால் அதை அவர்கள் மற்ற சமூக ஊடகங்களைப் பயன்படுத்தும் விதத்திலேயே பயன்படுத்தினர். கைவசம் படம் இருக்கும்போது ஏற்றுவார்கள், இல்லாதபோது மறந்துவிடுவார்கள்.

2023ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. அதற்கென 40 பின்களை அக்டோபர் 23, 24 ஆகிய இரண்டே நாட்களில், 'எங்கள் வடிவமைப்புகள்' என்ற ஒரே போர்டில் மொத்தமாக ஏற்றினர். பண்டிகைக்கு மூன்று வாரம்கூட இல்லை. விற்பனை எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை என்பதால், இந்தத் தளம் தமக்கு ஒத்துவராது என்று இருவரும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டனர். கணக்கை மூடிவிடலாமா என்று கேட்டுத்தான் 2024 ஜனவரி நடுவில் என்னை அழைத்தனர். கீழே வருவது அதன் பின்னர் ஓராண்டுக் காலத்தில் நடந்தவற்றின் பதிவு. எண்கள் அனைத்தும் இந்த ஒரு கணக்குக்கு உரியவை. வேறு கணக்குக்கு அவை அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

## முதலில் கண்டது

பின்ட்ரெஸ்ட்டின் புள்ளிவிவரப் பக்கம் 90 நாட்களுக்கு முந்தையதைக் காட்டுவதில்லை. ஜனவரி நடுவில் பார்த்ததால் அக்டோபர் நடுவிலிருந்து பண்டிகை நாள் வரையான சுமார் ஒரு மாதம் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தது. செப்டம்பரில் என்ன நடந்தது என்பது கையைவிட்டுப் போயிருந்தது. மாதம் ஒருமுறை அந்தப் புள்ளிவிவரத்தைக் கோப்பாக இறக்கி வைக்கும் பழக்கத்தை அன்றே தொடங்கினோம்.

கிடைத்த ஒரு மாதத்தில், பின்னிலிருந்து கடைத் தளத்துக்குச் சென்ற கிளிக்குகள், அதாவது அவுட்பவுண்ட் கிளிக்குகள், 212. புதிதாக ஏற்றிய 40 பின்கள் எவ்வளவு கொண்டுவந்தன என்று பார்க்கப் பட்டியலைப் பின்வாரியாக வரிசைப்படுத்தியபோது எங்கள் மூவருக்குமே வியப்பாக இருந்தது. அந்த 40 பின்களும் சேர்ந்து கொண்டுவந்தவை 61 கிளிக்குகள். மீதமுள்ள 151 கிளிக்குகளும் ஆறே ஆறு பின்களிலிருந்து வந்திருந்தன. அந்த ஆறும் 2022 அக்டோபரில், அந்த ஆண்டின் தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு ஏற்றப்பட்டு, பிறகு யாரும் திரும்பிப் பாராதவை. படங்களின் தரத்தில் அவை புதியவற்றைவிட மேலானவை அல்ல. வடிவமைப்பாளருக்கே அவற்றில் இரண்டைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவற்றுக்கு இருந்த ஒரே அனுகூலம் ஓராண்டு வயதுதான்.

அந்த ஆறில் ஒன்றில் மட்டும் படத்திலேயே '2022' என்று பெரிதாக எழுதப்பட்டிருந்தது. மற்ற ஐந்துக்கு நிகராகவே அது மக்கள் கண்ணில் பட்டிருந்தும், அதைத் தொட்டவர் மிகச் சிலரே. ஏற்றிய பின்னின் தலைப்பையும் விவரத்தையும் இணைப்பையும் போர்டையும் பின்னர் மாற்றலாம். படத்தை மாற்ற முடியாது. ஆகவே அந்தப் பின் ஒவ்வோராண்டும் பழைய ஆண்டைச் சுமந்துகொண்டே திரும்பி வரும்.

இன்னொன்றும் தென்பட்டது. அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே, பழைய பின்களைப் பிறர் தம் போர்டுகளில் சேமித்தது முதல் இரண்டு வாரங்களில் அதிகமாகவும், கடைக்கு வந்த கிளிக்குகள் அடுத்த இரண்டு வாரங்களில் அதிகமாகவும் இருந்தன. மக்கள் முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், பிறகு நாள் நெருங்கும்போது அதற்குத் திரும்பி வருகிறார்கள் என்பதே இதற்கு நாங்கள் கொண்ட விளக்கம். இத்தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேடியோ, தாம் பார்க்கும் பின்னுக்கு ஒத்த பின்கள் வழியாகவோதான் ஒரு படத்தை அடைகிறார்கள். ஒரு படம் எந்தத் தேடலுக்கு உரியது என்று தளம் கண்டுகொள்வதற்கு, அதன் தலைப்பும் விவரமும், அது வைக்கப்பட்ட போர்டின் பெயரும், பிறர் அதை எந்தப் பெயருள்ள போர்டுகளில் சேமிக்கிறார்கள் என்பதும் துணை செய்கின்றன. கடைசியாகச் சொன்னது நிகழ நாட்கள் பிடிக்கும். அக்டோபர் 23இல் ஏற்றிய பின்னுக்கு அந்த நாட்கள் இருக்கவில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கணக்கை மூடுவதில்லை என்று முடிவாயிற்று. 2024 தீபாவளிக்கும் அதே 40 பின்களே என்று எண்ணிக்கையை வேண்டுமென்றே மாற்றாமல் வைத்தோம். எண்ணிக்கையையும் கூட்டி, காலத்தையும் நீட்டினால் எது வேலை செய்தது என்று பின்னால் பிரித்துப் பார்க்க முடியாது.

எத்தனை வாரம் முன்னதாகத் தொடங்குவது என்பதே முதல் கேள்வி. பண்டிகைப் படங்களை 30 முதல் 45 நாட்களுக்கு முன் ஏற்ற வேண்டும் என்பது இத்துறையில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. ஏற்கெனவே நன்கு ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகள் உள்ள கணக்குக்கு அது போதலாம். போர்டையே புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு அது போதாது என்பது என் கருத்து. தளத்தின் டிரெண்ட்ஸ் பக்கத்தில் கடைக்குத் தொடர்புடைய தேடல் சொற்களின் முந்தைய ஆண்டுக் கோட்டைப் பார்த்தோம். அந்தக் கோடு உண்மையான தேடல் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. உச்சத்தை 100 என்று கொண்டு மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஆகவே எவ்வளவு பேர் தேடுகிறார்கள் என்பதை அதில் அறிய முடியாவிட்டாலும், எப்போது தேடத் தொடங்குகிறார்கள் என்பதை அறியலாம். எங்கள் சொற்களுக்கு அந்தக் கோடு பண்டிகைக்கு எட்டு ஒன்பது வாரம் முன்னரே தரையிலிருந்து எழும்பியது. கோடு எழும்பும்போது பின் அங்கே தயாராக இருக்க வேண்டும் என்பதால், தளம் அதை அடையாளம் காண மூன்று வார அவகாசம் சேர்த்து 12 வாரம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து அட்டவணை. கணக்கு பார்ப்பவர் மிகுந்த சிரத்தையோடு ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருந்தார். ஆனால் அதில் இருந்தவை நேரடித் தேதிகள், அவையும் நவம்பர் 12ஐ மனத்தில் வைத்துப் போட்டவை. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அதாவது 12 நாள் முந்தி வருகிறது. இது ஜூலையில்தான் எங்கள் கண்ணில் பட்டது. அந்த அட்டவணைப்படி போயிருந்தால், கடைசிப் பின்களில் சில பண்டிகை முடிந்த பிறகு வெளிவந்திருக்கும். பிறைக் கணக்கில் வரும் பண்டிகைகளுக்கு இந்தச் சிக்கல் ஒவ்வோராண்டும் உண்டு. கிறிஸ்துமஸ் போல நாள் மாறாதவற்றுக்கு இல்லை. இரண்டையும் ஒரே அட்டவணையில் வைப்பவர் தேதிகளை எழுதாமல், 'பண்டிகைக்கு எத்தனை வாரம் முன்' என்ற எண்ணை எழுதுவதே பாதுகாப்பானது. அட்டவணையை அப்படியே திருத்தினோம். மேலே ஒரு கட்டத்தில் பண்டிகை நாள். C நெடுவரிசையில் வார எண். வெளியிடும் தேதி தானாகக் கணக்கிடப்படும்:

```
=$B$1-C2*7
```

B1இல் அக்டோபர் 31 என்று இட்டதும் 12ஆம் வாரம் ஆகஸ்ட் 8 என்றும், 8ஆம் வாரம் செப்டம்பர் 5 என்றும், 4ஆம் வாரம் அக்டோபர் 3 என்றும் வந்தன. ஆகஸ்ட் 8 என்று திரையில் பார்த்தபோது வடிவமைப்பாளர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய மனக்கணக்கில் வேலை தொடங்கும் மாதமே செப்டம்பர்.

40 பின்களைச் சமமாகப் பங்கிடவில்லை. முதல் ஆறு வாரங்களில், அதாவது 12ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை, வாரத்துக்கு 5. அடுத்த ஐந்து வாரங்களில் வாரத்துக்கு 2. கடைசி வாரத்தில் எதுவும் இல்லை. தாமதமாக வரும் பின்னுக்கு வளர நேரம் இல்லை என்பதால் பாரத்தை முன்பக்கம் வைத்தோம்.

நேரம் குறித்து வைக்கத் தளத்தின் சொந்த வசதியையே பயன்படுத்தினோம். அதில் 30 நாளுக்கு அப்பால் தேதி குறிக்க முடியவில்லை. ஒரே சமயத்தில் காத்திருப்பில் வைக்கும் பின்களுக்கும் வரம்பு உண்டு. ஆகவே 12 வாரத்துக்கு உரியதை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, அடுத்த இரண்டு வாரத்துக்கு உரியதை ஏற்றுவது என்று கணக்கு பார்ப்பவர் வழக்கமாக்கிக்கொண்டார். எந்த மணிக்கு வெளியிட்டால் நல்லது என்று அவர் ஒருமுறை நெடுநேரம் ஆராய்ந்தார். தேடல் வழியே வாரக்கணக்கில் உலவப்போகும் ஒரு படத்துக்குக் காலை ஒன்பதா இரவு ஒன்பதா என்பது கவலைப்படத் தக்க விஷயமே அல்ல என்று சொல்லி அதை நிறுத்தினேன்.

போர்டுகளில் ஒரு மாற்றம் செய்தோம். 'எங்கள் வடிவமைப்புகள்' என்ற பெயரில் யாரும் எதையும் தேடுவதில்லை. அதற்குப் பதிலாக, வாழ்த்து அட்டைக்கு ஒன்று, சுவர் அலங்காரத்துக்கு ஒன்று, குழந்தைகள் வெட்டி ஒட்டும் வடிவங்களுக்கு ஒன்று என மூன்று போர்டுகளை, மக்கள் தேடும் சொற்களையே பெயராக வைத்து ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்தோம். ஒவ்வொரு பின்னும் தனக்கு மிகப் பொருத்தமான ஒரே போர்டுக்குச் சென்றது. ஒரே படத்தை மூன்றிலும் போடவில்லை. போர்டின் பெயரிலோ படத்திலோ ஆண்டு எழுதக் கூடாது என்பது '2022' பின் கற்றுத்தந்த விதி.

## இடையில் நேர்ந்த இரண்டு சிக்கல்கள்

முதல் சிக்கல் முதல் வாரத்திலேயே வந்தது. பருவத்துக்குரிய பொருட்களின் பக்கங்களைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்புதான் கடையில் திறப்பது அவர்களுடைய பழைய வழக்கம். ஆகஸ்ட் 8 அன்று வெளிவந்த ஐந்து பின்களில் மூன்றின் பொருட்பக்கங்கள் இன்னும் மறைவிலேயே இருந்தன. அவற்றுக்குரிய கோப்புகளில் வடிவமைப்பாளரின் கடைசித் திருத்தம் முடியவில்லை. பின்னைக் கிளிக் செய்தவருக்குப் 'பக்கம் இல்லை' என்ற செய்திதான் கிடைத்தது. பின்ட்ரெஸ்ட்டின் புள்ளிவிவரத்தில் இது தெரியவில்லை. அங்கே ஒரு கிளிக் ஒழுங்காகக் கிளிக்காகவே பதிவாகிறது. கடைத் தளத்தின் பதிவேட்டில், இல்லாத பக்கத்தைத் தேடி வந்தவர்களின் பட்டியலில் ஏழு வருகைகள் இருந்ததைக் கணக்கு பார்ப்பவர் தற்செயலாகப் பார்த்தபோது 11 நாள் கடந்திருந்தது.

அந்த மூன்று பின்களையும் நீக்கிவிட்டுப் பக்கம் தயாரான பிறகு புதிதாக ஏற்றலாம் என்றார் வடிவமைப்பாளர். அந்த 11 நாளில் அவை மூன்றும் சேர்ந்து 20க்கு மேற்பட்ட சேமிப்புகளைப் பெற்றிருந்தன. நீக்கிவிட்டு ஏற்றினால் புதிய பின் சேமிப்பைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கோப்புகள் இருந்த நிலையிலேயே பக்கங்களை அன்று மாலையே திறந்தோம்; திருத்திய கோப்புகள் ஒரு வாரம் கழித்து அதே முகவரியில் மாற்றி வைக்கப்பட்டன. வாங்கியவர் எவரும் இல்லாததால் சேதம் ஏதுமில்லை. இருந்திருந்தால் அவர்களுக்குத் திருத்திய கோப்பைத் தனியே அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல் பொறுமை சம்பந்தப்பட்டது. செப்டம்பர் 12 அன்று, 25 பின்கள் வெளிவந்து முடிந்து 7ஆம் வாரம் தொடங்கும் நிலையில், மொத்த அவுட்பவுண்ட் கிளிக்குகள் 19 மட்டுமே. ஐந்து வார உழைப்புக்கு 19. தலைப்புகளையெல்லாம் மாற்ற வேண்டும், படங்களைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று வடிவமைப்பாளர் வற்புறுத்தினார். அவர் கோணத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான பதற்றமே. ஆனால் அதே நாளில் சேமிப்புகள் 143 ஆக இருந்தன. அதுவும் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு பழைய பின்களில் பார்த்த 'முதலில் சேமிப்பு, பிறகு கிளிக்' என்ற வரிசை உண்மையானால், இந்தக் கட்டத்தில் கிளிக்கை எதிர்பார்ப்பதே தவறு. ஆகவே 6ஆம் வாரம் வரை சேமிப்பை மட்டும் பார்ப்பது, அதன் பிறகுதான் கிளிக்கைப் பார்ப்பது என்று எழுதி வைத்துக்கொண்டோம். சேமிப்பும் வராத நான்கு பின்களுக்கு மட்டும் தலைப்பையும் விவரத்தையும் மாற்றினோம். அவற்றில் ஒன்று பிறகு ஓரளவு தேறியது. மூன்று கடைசிவரை அசையவில்லை. அந்த மூன்றிலும் படத்தில் இருந்த எழுத்து கைப்பேசித் திரையில் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறியது என்பதைக் கணினியில் பார்த்தே வேலை செய்த நாங்கள் மூவரும் கவனிக்கத் தவறியிருந்தோம்.

## விளைவு

கிளிக்குகள் அக்டோபர் முதல் வாரத்தில் ஏறத் தொடங்கி, அக்டோபர் 10 முதல் 23 வரையான இரண்டு வாரங்களில் உச்சத்தில் இருந்து, கடைசி வாரத்தில் வேகமாக இறங்கின. அச்சிட்டு, வெட்டி, ஒட்டி முடிக்க நாள் வேண்டுமே. ஆகவே இந்தக் கடைக்கு வேலைக்கு உதவும் கடைசி நாள் அக்டோபர் 31 அல்ல, அதற்கு ஒரு வாரம் முன்னர் என்பது தெளிவாயிற்று.

ஒப்பிட வசதியாகப் பண்டிகைக்கு முந்தைய ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். புதிய 40 பின்களிலிருந்து வந்த அவுட்பவுண்ட் கிளிக்குகள் 388. முந்தைய ஆண்டு அதே எண்ணிக்கையிலான பின்கள் கொண்டுவந்தவை 61. பழைய 46 பின்களும் சும்மா இருக்கவில்லை; அவை 205 கிளிக்குகளைத் தந்தன. 2023இல் மூன்று வாரம் முன்பு ஏற்றித் தோற்றுப்போனவை என்று கருதிய பின்களில் சில இப்போது எழுந்து நின்றன.

இதை முழுவதும் முன்கூட்டியே ஏற்றியதன் பலன் என்று சொல்லிவிட முடியாது. போர்டுகளும் மாறின, வடிவமைப்பாளரின் கையும் ஓராண்டில் தேறியிருந்தது. ஆனால் ஒரே ஆண்டின் 40 பின்களுக்குள்ளேயே பார்த்தால் காலத்தின் பங்கு தெரிகிறது: முதல் ஆறு வாரங்களில் ஏற்றிய 30 பின்களுக்கு 361 கிளிக்குகள், 6ஆம் வாரத்திலிருந்து ஏற்றிய 10 பின்களுக்கு 27. ஒரு பின்னுக்குச் சராசரியாக 12க்கும் 3க்கும் உள்ள வேறுபாடு அது. முன்னதாக வந்த பின் அந்த மாதத்துக்குள் பெற்றதை மட்டுமே இங்கே எண்ணியிருப்பதால், அதிக நாள் இருந்ததால் அதிகம் சேர்ந்தது என்று இதை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது.

## மாற்ற வேண்டியவை

கிறிஸ்துமஸை நாங்கள் கோட்டைவிட்டோம். அதே சூத்திரத்தில் டிசம்பர் 25ஐ இட்டால் 12ஆம் வாரம் அக்டோபர் 2 என்று வருகிறது. தீபாவளி வேலை 4ஆம் வாரத்தை நெருங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும் நாள் அது. வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு பார்ப்பவர் ஏற்றும் வியாழக்கிழமைகளில் இரண்டைத் தவறவிட்டார். வடிவமைப்பாளரிடம் படங்களும் தயாராக இல்லை. கிறிஸ்துமஸ் பின்கள் ஐந்து வாரம் தாமதமாக, நவம்பர் 6இல்தான் தொடங்கின. ஒரு பண்டிகைக்கு மட்டும் அட்டவணை போட்டதே பிழை. ஒரே தாளில் இரண்டையும் அருகருகே வைத்திருந்தால் இந்த மோதல் ஜூலையிலேயே கண்ணில் பட்டிருக்கும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் பின்களின் படங்கள் அனைத்தும் தீபாவளியின் 6ஆம் வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

6ஆம் வாரத்திலிருந்து ஏற்றும் 10 பின்களைப் பாதியாகக் குறைத்து, மிச்சப்படும் உழைப்பைக் கிறிஸ்துமஸுக்குத் தருகிறோம். முழுவதும் நிறுத்தாததற்குக் காரணம், தாமதமாக வரும் பின்னும் அடுத்த ஆண்டுக்கான முதலீடாக இருக்கிறது என்பதுதான். ஒவ்வொரு படத்தையும் ஏற்றும் முன் கைப்பேசியில் திறந்து, கையை நீட்டிப் பிடித்து வாசித்துப் பார்ப்பதும் வழக்கமாகியிருக்கிறது.

பொருட்பக்கங்களை ஆண்டு முழுவதும் ஒரே முகவரியில் திறந்தே வைக்கிறார்கள். பருவம் இல்லாத நாட்களில் கடையின் முகப்பிலிருந்து மட்டும் எடுத்துவிடுகிறார்கள். புதிய பொருளாக இருந்தால் முதல் பின்னுக்கு ஒரு வாரம் முன் பக்கம் திறக்க வேண்டும். அதற்கும் ஒரு வாரம் முன் கோப்பு முடிய வேண்டும். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. B1இல் அதை இட்டபோது முதல் பின் ஜூலை 28 என்றும், பக்கம் ஜூலை 21 என்றும், கோப்பு ஜூலை 14 என்றும் வந்தன. வடிவமைப்பாளர் ஜூலை 14ஐத் தம் மேசை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.